குழுவில் முந்நூறு மெசேஜ், பினாங்குக்கு ஆறு வரி: சுருக்கம் எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

காரைக்குடிப் பக்கத்தில் பொதுவில் பெரிய வீடு வைத்திருக்கும் பங்காளிகளுக்கு இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. அதில் பாதிப் பேர் ஊரில் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, அவர்களே படித்துக்கொள்வார்கள். மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பேசினால் தமிழ் புரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவர்களுக்காக யாராவது ஒருவர் குழுவில் நடந்ததை நாலைந்து ஆங்கில வரியில் சுருக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அதை நான் பார்க்கிறேன்.

அனுப்பும்போது சுருக்கம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பது அங்கிருந்து வரும் பதிலில்தான் தெரியும். அதனால் கீழே ஒவ்வொரு பகுதியும் அந்தப் பதிலிலிருந்தே தொடங்குகிறது. உதாரணமாக எங்கள் குழுவில் 2025 டிசம்பரில் நடந்த ஒரு பேச்சையே எடுத்துக்கொள்கிறேன். மழையில் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு ஓடு ஒழுகிக் கைமரம் இரண்டு உளுத்துப்போயிருந்தது. ஓட்டைப் பிரித்து மேய கொத்தனாரும் ஆசாரியும் சேர்ந்து 6 லட்சம் ஆகும் என்றார்கள். அதற்கப்புறம் குழுவில் முந்நூறு மெசேஜுக்குப் பக்கம் ஓடியது. சுருக்கம் போக வேண்டியது பினாங்கில் இருக்கும் பங்காளித் தம்பிக்கு. எங்கள் அப்பாவைப் பெற்ற ஐயாவும் அவன் அப்பாவைப் பெற்ற ஐயாவும் உடன்பிறந்தவர்கள்.

“அதெல்லாம் சரி, கடைசியில் என்ன முடிவாச்சு?” என்று கேட்டால்

அடிக்கடி வரும் பதில் இதுதான். குழுவில் பேச்சு எந்த வரிசையில் நடந்ததோ அதே வரிசையில் சுருக்கமும் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் ஒழுகும் இடத்தின் போட்டோ வந்தது, அப்புறம் ஒருவர் சிமென்ட் போட்டுவிடலாம் என்றார், இன்னொருவர் கூடாது என்றார் என்று கதையாகப் போகும். படிப்பவருக்கு அந்தக் கதை வேண்டாம். முடிவானது எது, ஆகாதது எது, தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்ற மூன்றும்தான் வேண்டும்.

இதற்குக் குழுவைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி மெசேஜில் தொடங்கி மேலே போனால் முடிவுகள் முதலில் கண்ணில் படும். மேலே உள்ள வாதங்களில் பாதி அப்போதே செல்லாமல் போயிருக்கும். சிமென்ட் பூசுகிற யோசனைக்கு மட்டும் எங்கள் குழுவில் நாற்பது மெசேஜ் இருக்கும். மறுநாள் காலையில் ஆசாரி வந்து பார்த்துக் கைமரத்தையே மாற்றணும் என்று சொன்னதும் அந்த நாற்பதும் காலியாகிவிட்டது. சுருக்கத்தில் அதற்கு ஒரு சொல்கூட வேண்டியதில்லை.

கீழிருந்து படித்தாலும் எது முடிவு என்று கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் யாரும் குழுவில் எழுத்துபூர்வமாக ‘முடியாது’ என்று சொல்வதில்லை. வயதில் பெரியவர் ஒன்று சொன்னால் எல்லாரும் ‘சரி’ போடுவார்கள். அந்தச் ‘சரி’யில் பாதி ‘பார்த்துட்டேன்’ என்பதற்குத்தான். ‘பாப்போம்’ என்றால் பெரும்பாலும் இஷ்டமில்லை. ‘நேர்ல பேசிக்கலாம்’ என்றால் ஆட்சேபம் இருக்கிறது, ஆனால் இங்கே சொல்ல மாட்டேன் என்று பொருள். ‘எல்லாரும் சொல்றபடி’ என்பவர் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. இத்தனையையும் ஆங்கிலத்தில் ‘ஓகே’ என்று போட்டுவிட்டால், ஊரே ஒத்துக்கொண்டது என்று பினாங்கில் இருப்பவர் நினைத்துக்கொள்வார்.

நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. ‘சரி’ சொன்னவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று பார்ப்பேன். முன்பணம் கொடுத்தாரா, டிக்கெட் போட்டாரா, ‘நான் ஆசாரிகிட்ட சொல்லிடறேன்’ என்று வேலையை ஏற்றுக்கொண்டாரா? அப்படியானால் அது சம்மதம். ஒன்றும் செய்யாமல் மறுநாள் வேறு பேச்சுக்குப் போய்விட்டால் அதை ‘இன்னும் முடிவாகவில்லை’ என்ற கணக்கில்தான் சேர்க்க வேண்டும். எங்கள் பேச்சில் ஓடு மேய்வது முடிவான விஷயம். மூன்று பங்கிலிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் முன்பணம் போய்விட்டது, ஆசாரி மரம் பார்க்கத் தொடங்கிவிட்டார். செலவை எப்படிப் பிரிப்பது என்பதற்கும் அதே எண்ணிக்கையில் ‘சரி’ விழுந்திருந்தது. ஆனால் அதன் பேரில் யாரும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. ஆகவே அது முடிவாகாதது.

கட்டைவிரல் குறியையும் கும்பிடும் கையையும் நம்ப வேண்டாம். குழுப் பேச்சை வாட்ஸ்அப்பிலிருந்து ஏற்றுமதி செய்து எடுக்கும் கோப்பில் மெசேஜ் மேல் போட்ட குறிகள் வரவே வராது. வேண்டுமென்றால் போனிலேயே அந்த மெசேஜைத் தொட்டு யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டு பதில் வந்தால்

பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, குழுவில் போட்டது இதுதான்: ‘தை 10 எல்லாரும் வந்துருங்க’. சுருக்குபவர் அவசரத்தில் இதை ஜனவரி 10 என்று எழுதிவிட நிறைய வாய்ப்பு உண்டு. தைக்கு நேர் ஜனவரி என்று மனதில் பதிந்துபோயிருப்பதால் வருவது இது. தை பிறப்பதே ஜனவரி பாதியில். 2026-இல் பொங்கல் ஜனவரி 15, வியாழன். அங்கிருந்து எண்ணினால் தை 10 என்பது ஜனவரி 24, சனிக்கிழமை.

வழக்கமாக இப்படிப்பட்ட பிசகைக் கிழமையை வைத்துப் பிடித்துவிடலாம். குழுவில் ‘சனிக்கிழமைதானே’ என்று யாராவது கேட்டிருப்பார்கள், நாம் எழுதிய தேதி வேறு கிழமையில் விழுந்தால் தப்பு தெரிந்துவிடும். இந்த முறை அதுவும் கைகொடுக்காது, ஏனென்றால் 2026 ஜனவரி 10-ஆம் தேதியும் சனிக்கிழமைதான். இரண்டுக்கும் சரியாகப் பதினான்கு நாள் வித்தியாசம். ஆகவே தமிழ்த் தேதி வந்தால் மனக்கணக்கு போடாமல் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது காரணம் எண்ணில் எழுதும் தேதி. ஏற்றுமதிக் கோப்பில் தேதி எந்த வரிசையில் வரும் என்பது ஏற்றுமதி செய்த போனின் அமைப்பைப் பொறுத்தது. 08/12/25 என்பது ஒரு போனில் டிசம்பர் 8, அமெரிக்க அமைப்பில் இருக்கும் போனில் ஆகஸ்ட் 12. கோப்பில் 12-க்கு மேற்பட்ட எண் முதலில் வருகிறதா, இரண்டாவதாக வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் எது நாள், எது மாதம் என்று தெரிந்துவிடும். நாம் அனுப்பும் சுருக்கத்தில் மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையும் சேர்த்துவிட்டால் படிப்பவருக்கு இந்தக் குழப்பமே வராது.

மூன்றாவது, ‘நாளைக்கு’. மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே டிசம்பர் 8 இரவு பத்தே முக்காலுக்கு ‘நாளைக்கு ஆசாரி வர்றார்’ என்று ஒருவர் போட்டால் அங்கே அப்போதே 9-ஆம் தேதி பிறந்திருக்கும். அவர் காலையில் எழுந்து நம் சுருக்கத்தில் ‘நாளை’ என்று படித்தால் 10 என்று எடுத்துக்கொள்வார். நேற்று, நாளை, வர்ற வெள்ளி எதுவும் சுருக்கத்தில் இருக்கக்கூடாது. எல்லாமே தேதியாக மாறியிருக்க வேண்டும். கூட்டம், போன் அழைப்பு போன்றவற்றுக்கு இந்திய நேரத்தோடு அவர் ஊர் நேரத்தையும் போட்டுவிடுவது நல்லது.

பணம் கூடவோ குறையவோ வந்தால், அல்லது முந்திக்கொண்டு வந்தால்

செட்டிநாட்டுப் பொதுவீட்டுக் கணக்கில் இதுதான் மிகவும் சிக்கலான இடம். ‘தலைக்கு எவ்வளவு’ என்று குழுவில் ஒருவர் கேட்கிறார். பதிலாக மூன்று வெவ்வேறு தொகை வருகிறது. மூன்றும் சரிதான், ஆனால் ஒவ்வொருவரும் ‘தலை’ என்று வைத்துக்கொள்வது வேறு வேறு.

எங்கள் வீட்டுக்கு மூன்று பங்கு. மூன்று ஐயாமார்கள் வழி. மொத்தம் 12 புள்ளி, அதாவது கல்யாணமான 12 குடும்பம். எங்கள் பங்கில் 7 புள்ளி, நடுப்பங்கில் 3, பினாங்குத் தம்பி இருக்கும் பங்கில் அவனும் அவன் அண்ணனுமாக 2. செலவு 6 லட்சத்தைப் பங்குப்படி பிரித்தால் பங்குக்கு 2 லட்சம். அவன் பங்கில் இருவர்தான், ஆகவே அவன் கொடுக்க வேண்டியது 1 லட்சம். புள்ளிப்படி பிரித்தால் 12 பேருக்கும் சமமாக ஆளுக்கு 50,000. அவனுக்கு ஒன்றுக்குப் பாதி. எங்களுக்கு நேர் எதிர். பங்குப்படி என்றால் ஏழு பேர் 2 லட்சத்தைப் பிரித்துக்கொள்வோம், ஆளுக்கு 28,600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். புள்ளிப்படி என்றால் 50,000.

கோயில் வரியைப் புள்ளிக்கணக்கில் கட்டிப் பழகியவர்கள் வீட்டுக்கும் அப்படித்தான் என்று நினைப்பார்கள். வீடு சொத்து, சொத்தில் உரிமை பங்குப்படி, அதனால் செலவும் பங்குப்படி என்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. சுருக்குபவர் இதில் எந்த ஒரு தொகையை மட்டும் எழுதினாலும் வாக்களித்த மாதிரி ஆகிவிடும். நான் ஏழு புள்ளிப் பங்கில் இருப்பவன். ஆகவே இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து, அவன் கொடுக்க வேண்டிய தொகையாகவே போட்டு, எது என்று முடிவாகவில்லை என்பதைத் தெளிவாக எழுதினேன். மொத்தத் தொகையை மட்டும் கொடுத்து வகுத்துக்கொள்ளச் சொன்னால் அவன் எதைக்கொண்டு வகுப்பான் என்று நமக்குத் தெரியாது.

பணம் முந்திக்கொண்டு வந்தால் காரணம் வேறு. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வேலைக்குக் கை கொடுக்கவில்லை என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்று தொகையைக் கண்டதுமே அனுப்பிவிடுவார்கள். இன்னும் அனுப்ப வேண்டாம் என்பதை ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். ஒருமுறை 1 லட்சம் வந்து சேர்ந்துவிட்டால் பங்குப்படி என்பதற்கு அவன் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப் பத்துப் பேர் இருப்பார்கள்.

லட்சத்தை லட்சமாக மட்டும் எழுதாமல் 600,000 என்று அவர்கள் காற்புள்ளி வைக்கும் முறையில் எழுதிப் பக்கத்தில் லட்சத்தைப் போட்டால் ஒரு பூஜ்யம் கூடும், குறையும் என்ற பயம் இல்லை.

“எந்தத் தாத்தா?” என்று கேட்டால்

என் அண்ணன் மகன் குழுவில் ‘ஐயா சொல்லிட்டாங்க’ என்று எழுதினான். அவன் சொல்லும் ஐயா எனக்குப் பெரியப்பச்சி. பினாங்குத் தம்பிக்கு அவர் அப்பச்சியின் முறையில் அண்ணன், ஆகவே அவனுக்கும் பெரியப்பச்சி. அதை அப்படியே தாத்தா என்று ஆங்கிலத்தில் எழுதினால், காலமாகிப் பல வருஷமான தன் ஐயா எப்படிச் சொன்னார் என்று அவன் திகைப்பான். குழுவில் வரும் உறவுமுறை எல்லாம் எழுதியவரின் இடத்திலிருந்து சொல்லப்படுபவை. சுருக்கத்தில் அவை படிப்பவரின் இடத்திலிருந்து மாற வேண்டும்.

பேரைப் போட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பேரனுக்கு ஐயா பேரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பேரில் குழுவில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஆச்சி என்றால் அக்காவும் ஆகும், மரியாதைக்கு எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடலாம். உறவும் வீடும் சேர்த்து, ‘கீழ வீட்டில் இருக்கும் உன் அப்பச்சியின் அண்ணன்’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்து நிற்கிறது. ஆறு வரிச் சுருக்கத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவரைத்தான் குறிப்பிட வேண்டிவரும். மற்றவர்களை விட்டுவிடலாம். யார் யாரிடம் என்ன கடுமையாகச் சொன்னார் என்பதையும் விட்டுவிடலாம். ‘இதில் ஒத்த கருத்து இல்லை’ என்பது போதும்.

சுருக்கம் ஒன்று சொல்ல, ஊரில் நடந்தது வேறாக இருந்தால்

அவர் தன் அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, “நீங்க எழுதினதுல இது இல்லையே” என்பார். சுருக்குபவர் கோப்பை மட்டும் படித்து எழுதியிருக்கிறார் என்பது இதில் தெரிந்துவிடும். நீண்ட பேச்சை நிதானமாகப் படிக்க ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பின் மூன்று புள்ளி மெனுவைத் தொட்டு `More`, அதற்குள் `Export chat` எடுத்து `Without media` கொடுத்தால் எழுத்து மட்டும் உள்ள கோப்பு கிடைக்கும். அது இப்படி இருக்கும்:

```
08/12/25, 9:47 pm - பெரியப்பச்சி: <Media omitted>
08/12/25, 9:52 pm - கீழ வீடு அண்ணன்: சரி
08/12/25, 9:53 pm - நடு வீடு தம்பி: பாப்போம்
08/12/25, 10:40 pm - பெரியப்பச்சி: பேசியாச்சு. தை 10 எல்லாரும் வந்துருங்க
```

இந்த நாலு வரியில் இரண்டு ஓட்டை இருக்கிறது. முதல் வரியில் `<Media omitted>` என்று நிற்பது ஒரு குரல் பதிவு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தட்டச்சு செய்வதில்லை, முக்கியமானதை எல்லாம் பேசித்தான் அனுப்புவார்கள். அந்தப் பதிவில்தான் செலவைப் பங்குப்படி பிரிக்கலாம் என்று அவர் சொன்னார். கீழே உள்ள ‘சரி’யும் ‘பாப்போமு’ம் அதற்குத்தான். கோப்பை மட்டும் படித்தால் எதற்குச் சரி என்றே தெரியாது. ஒரு மெசேஜைப் பிடித்து இழுத்துப் பதில் போட்டிருந்தாலும், எதற்குப் பதில் என்பது கோப்பில் வருவதில்லை. ஆகவே `<Media omitted>` என்று வரும் இடங்களைத் தேடி எடுத்து, அதே நேரத்துக்குப் போனில் போய் ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். பாதிக்கு மேல் காலை வணக்கப் படமாக இருக்கும், அவற்றைத் தள்ளிவிடலாம். `Include media` கொடுத்தும் எடுக்கலாம், ஆனால் அப்போது சமீபத்திய 10,000 மெசேஜ் வரைதான் வரும், ஊடகம் இல்லாமல் எடுத்தால் 40,000 வரை வரும். குடும்பக் குழுவுக்கு இரண்டுமே தாராளம். `Export chat` வேலை செய்யவில்லை என்றால் குழுவில் `Advanced chat privacy` போடப்பட்டிருக்கலாம். அது இருந்தால் ஏற்றுமதி செய்ய முடியாது, போனிலேயே படிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது ஓட்டை மணிக்கணக்கில் இருக்கிறது. 9:53-க்கும் 10:40-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அப்புறம் ‘பேசியாச்சு’ என்று வருகிறது. சூடாக ஓடிக்கொண்டிருந்த பேச்சு திடீரென்று நின்று, முக்கால் மணி கழித்து ஒரு அறிவிப்போடு திரும்பினால், நடுவில் போனில் பேசியிருக்கிறார்கள். அங்கே நடந்தது எந்தக் கோப்பிலும் கிடைக்காது. பேசிய இருவரில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை. நடு வீட்டுத் தம்பியைக் கேட்டபோது அவர் புள்ளிப்படி என்று வாதாடியதும், தைக் கூட்டத்தில் பேசித் தீர்ப்போம் என்று பெரியப்பச்சி ஒத்துக்கொண்டதும் தெரிந்தது. வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் விருப்பத்தை ஜனவரி 18-க்குள் பெரியப்பச்சியிடம் சொல்ல வேண்டும் என்பதும் அந்தப் பேச்சில்தான் முடிவாகியிருந்தது.

இத்தனையும் பார்த்த பிறகு பினாங்குக்குப் போனது இது:

```
DECIDED: The courtyard roof of the big house will be re-tiled.
NOT DECIDED: How to split the cost, Rs 600,000 (6 lakh).
By branch (3) you pay Rs 100,000; by married household (12), Rs 50,000.
MEETING: Sat 24 Jan 2026, 10 am India (12.30 pm Penang). Video call is fine.
FROM YOU: Tell your father's elder cousin (east house) which split
you prefer, by Sun 18 Jan. Please do not send money yet.
```

அனுப்பிய பிறகு குழுவில் மறுபடி மாறினால்

முழுச் சுருக்கத்தையும் திருத்தி மறுபடி அனுப்பினால் அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார், பழையதையே மறுபடி அனுப்பியதாக நினைத்து விட்டுவிடுவார். மாறிய வரியை மட்டும் எடுத்து, முன்பு என்ன, இப்போது என்ன என்று இரண்டையும் ஒரே மெசேஜில் போட வேண்டும். அனுப்பிய பழைய மெசேஜைத் திறந்து உள்ளுக்குள் திருத்துவதும் வேண்டாம். திருத்தினால் புது அறிவிப்பு அவருக்குப் போகாது, அதுவும் அனுப்பிப் பதினைந்து நிமிஷத்துக்குள்தான் திருத்த முடியும். கூட்டத் தேதி மாறினால் மட்டும் நான் மெசேஜோடு நிறுத்துவதில்லை, போனும் போட்டுவிடுவேன். அவன் டிக்கெட் போடுவது அந்தத் தேதியை வைத்துத்தான்.